ரப்பர் மனுவில் நான் ஏன் கையெழுத்திடவில்லை

சென்ற வாரம் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. புதன்கிழமை இரவுகளில் வழங்கப்படும் மட்டர் பனீர் ரப்பரைப் போல் இருக்கிறது. ஆகவே அது கலப்படப் பனீராகத்தான் இருக்க வேண்டும். பனீர் தருகிற கடையை உடனே மாற்ற வேண்டும். இதைக் கண்டும் காணாமல் சமைத்துப் போட்ட தலைமைச் சமையற்காரரின் ஒரு வாரக் கூலியைப் பிடித்தம் செய்ய வேண்டும். இவ்வளவுதான் மனு. உணவுக்கூட வாசலில் ஒரு பேனாவுடன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கமும் நிறைந்துவிட்டது. நான் கையெழுத்திடவில்லை. “நீ அந்த ரப்பரைத் தின்னவில்லையா?” என்று நண்பர்கள் கேட்டார்கள். தின்றேன். ரப்பர்தான். மனுவின் முதல் வாக்கியத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. அந்த ‘ஆகவே’தான் எனக்குத் தொண்டையில் சிக்கிற்று.

எழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தமிழில் இதைப் ‘பன்னீர்’ என்று எழுதுவதே பெருவழக்கு. கல்யாண வாசலில் சொம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் கிரேவியில் மிதக்கும் இதுவும் ஒரே எழுத்துக் கோவையில் கிடந்து குழம்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாரசீகத்தில் ‘பனீர்’ என்பது பாலாடைக்கட்டியைக் குறிக்கும் சொல். ஆகவே நான் பனீர் என்றே எழுதுகிறேன். மொழியியல் படித்தவர்க்கு இந்த அளவு பிடிவாதத்தை அனுமதிக்கலாம்.

மனுவைப் படித்த மறுநாளே சமையற்கூடத்துக்குப் போய்த் தலைமைச் சமையற்காரரிடம், “பையா, அடுத்த புதன்கிழமை பனீர் செய்யும்போது நான் ஓரமாக நின்று பார்க்கலாமா?” என்று கேட்டேன். மனுவைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “பாரு பேட்டா, நன்றாகப் பார்” என்றார். அந்தத் தொனியை இங்கே எழுதிக் காட்ட இயலவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வேலை தொடங்கியது. தில்லியின் பால் கடைகளில் பனீரைப் பாளமாக வெட்டித் தண்ணீரில் போட்டு வைத்து எடைக்கு விற்பார்கள். அப்படி வாங்கிய ஆறு கிலோ, முதல் நாள் இரவிலிருந்து குளிர்பெட்டியில் இருந்தது. அதை வெளியே எடுத்த கையோடு ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கினார்கள். துண்டுகள் ஈரம் சொட்டச் சொட்ட, தொட்டால் விரல் விறைக்கும் குளிரோடு இருந்தன. பெரிய கடாயில் எண்ணெய் காய்ந்ததும் ஒரே தடவையில் ஏறத்தாழ இரண்டு கிலோவைக் கொட்டினார்கள். நான் கவனித்த முதற்செய்தி அந்த நொடியில் நடந்தது. காய்ந்த எண்ணெய் சடசடவென்று ஒரு கணம் இரைந்துவிட்டு, பிறகு அடங்கிப்போயிற்று. குமிழிகள் பெரிதாக, சோம்பலாக எழுந்தன. துண்டுகள் பொரியவில்லை, தம்முடைய நீரிலேயே அவிந்துகொண்டிருந்தன. நிறம் ஏறுவதற்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. எடுத்தபோது நல்ல செம்பழுப்பு. பிறகு அவற்றை ஒரு துளைத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். நான்கு மணிக்கு வைத்தது ஏழு மணி வரை அங்கேயே இருந்தது. ஏழு மணிக்குக் கொதிக்கும் கிரேவியில் எல்லாவற்றையும் சேர்த்து, ‘மசாலா உள்ளே இறங்கட்டும்’ என்று இருபது நிமிடம் கொதிக்கவிட்டார்கள். அதன்பின் பரிமாறும் பாத்திரம், அதற்கடியில் சிறு தீ, இரவு ஒன்பதரை வரை.

நறுக்கும்போதே ஒரு பச்சைத் துண்டை வாங்கித் தின்று பார்த்தேன். மிருதுவாக, பால்மணத்தோடு, பல்லில் படும்போது இலேசாக மணல்மணலாக உதிர்ந்தது. ரப்பரின் சாயலே இல்லை. ஏழரை மணிக்கு என் தட்டில் விழுந்தது அதே பாளத்தின் மற்றொரு துண்டு. அது ரப்பர். மூன்று மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் கடைக்காரர் சமையற்கூடத்துக்குள் வரவில்லை.

கலப்படமே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஒரு துண்டை மசித்து நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட்டுப் பார்த்தேன், நீலமாகவில்லை. மாவுப்பொருள் கலக்கப்படவில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் சொல்ல இயலாது. பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருந்தால் அயோடின் அதைக் காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பனீர் என்ற பெயரில் விற்பதற்கு, நீர் நீக்கிய எடையில் குறைந்தது பாதியாவது பால்கொழுப்பாக இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. கடையின் மீது ஐயம் இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். நான் சொல்வது வேறு. கலப்படமே இல்லாத, முதல் தரமான எருமைப்பால் பனீரையும் மேற்சொன்ன வழியில் சமைத்தால் ரப்பர்தான் கிடைக்கும். ஆகவே ரப்பர்த்தன்மை கலப்படத்துக்குச் சான்றாகாது.

இதற்குக் காரணம் பனீர் செய்யப்படும் விதத்திலேயே இருக்கிறது. பாலைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கி, சற்று இறக்கி, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டுத் திரிக்கிறார்கள். அமிலம் பட்டதும் பாலின் முதன்மைப் புரதமான கேசீன் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரளுகிறது. தெளிநீரை வடித்து, துணியில் கட்டி, மேலே பாரம் வைத்தால் பாளம் கிடைக்கிறது. மொஸரெல்லா போன்ற பாலாடைக்கட்டிகளில் கேசீன் துகள்களைப் பிணைக்கும் கால்சியம் போதிய அளவு எஞ்சியிருப்பதால் அவை சூட்டில் இளகி வழிகின்றன. பனீரில் அமிலம் அந்தக் கால்சியத்தின் பெரும்பகுதியைக் கரைத்துத் தெளிநீரோடு அனுப்பிவிடுகிறது. அதனால் பனீர் சூட்டில் உருகுவதில்லை. உருகுவதற்குப் பதிலாக அது இறுகுகிறது. புரத வலை சுருங்கச் சுருங்க, கண்ணிகளுக்குள் தங்கியிருந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. நல்ல பனீரின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். அந்த நீர்தான் அதன் மென்மை. அது போனபின் எஞ்சுவது நெருங்கிய புரத வலை. அதைத்தான் நாம் மென்றுகொண்டிருக்கிறோம்.

இதிலிருந்து ஒன்று புலப்படும். இறைச்சியையோ உருளைக்கிழங்கையோ போலப் பனீரை ‘வேகவைக்க’ வேண்டிய தேவையே இல்லை. பால் கொதித்தபோதே அது வெந்துவிட்டது. அதற்குப்பின் நாம் தருகின்ற ஒவ்வொரு நிமிடச் சூடும் அதிலிருந்து நீரை எடுக்கும் சூடுதான். எண்ணெய் குற்றவாளி அன்று, நேரம்தான் குற்றவாளி.

என் அறையில் ஒரு மின்தூண்டல் அடுப்பும் கடிதம் நிறுக்கும் சிறு தராசும் உண்டு. (விடுதி விதி அனுமதிக்காதது அடுப்பு மட்டும்தான்.) இருநூறு கிராம் பனீரை இருபது கிராம் வீதம் பத்துத் துண்டுகளாக்கி, ஐந்தை நன்கு காய்ந்த எண்ணெயில் நாற்பது நொடி மட்டும் பொரித்தேன். மற்ற ஐந்தை எங்கள் உணவுக்கூட முறைப்படி ஆறு நிமிடம் விட்டேன். முதல் ஐந்தும் சேர்ந்து நூறு கிராமிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு இறங்கின. இரண்டாம் ஐந்து எழுபத்தைந்தை ஒட்டி நின்றன. அவை குடித்திருந்த எண்ணெயையும் கணக்கில் எடுத்தால் உண்மையில் இழந்த நீர் அதற்கும் கூடுதலாக இருக்கும். பிறகு இரண்டு குழுவையும் உப்பிட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தேன். முதற்குழு ஏறத்தாழப் பழைய எடைக்குத் திரும்பியது. விரலால் அழுத்தினால் அமுங்கி எழுந்தது. இரண்டாவது குழு சில கிராம்தான் ஏறியது. மென்றபோது பல்லை எதிர்த்தது. ஒரு தராசு, ஒரு பாக்கெட், ஒரே ஒரு தடவை. இதை ஆய்வு முடிவு என்று யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் ‘எவ்வளவு பொரித்தாலும் வெந்நீரில் போட்டால் மிருதுவாகிவிடும்’ என்று இணையத்தில் உலவும் உறுதிமொழியை இனி நான் நம்பமாட்டேன். வெந்நீர், சற்றே வாடிய வலையை மீண்டும் நனைக்கும். இறுகிப் பூட்டிக்கொண்ட வலையை அதனால் திறக்க முடியாது.

இங்கேதான் என் துறை குறுக்கிடுகிறது. சமையற்குறிப்புகள் எல்லாவற்றிலும் ‘பனீரைப் பொன்னிறமாகும் வரை பொரித்தெடுக்கவும்’ என்ற வாக்கியம் வார்ப்பெழுத்துப் போல் வருகிறது. நமக்கு வறுத்தல், பொரித்தல், வதக்குதல், வாட்டுதல் என்று தனித்தனி வினைகள் உண்டு. வறுத்தல் பொருளின் உள்ளீரத்தைப் போக்குவது. பொரித்தல் எண்ணெயில் மூழ்கவைத்து மொறுமொறுப்பாக்குவது. வாழையிலையை அனலில் காட்டி வளையும்படி செய்கிறோமே, அது வாட்டுதல். வெளிப்பரப்பில் சூடு பட்டவுடன் எடுத்துவிட வேண்டும் என்பது அந்த வினையின் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பனீருக்கு வேண்டியது எண்ணெயில் வாட்டுதல். இந்தியிலும் தல்னா, பூன்னா, சேக்னா என்று வேறுபாடு உண்டு. எங்கள் சமையற்காரர் தன் வீட்டில் செய்வதைப் பற்றிச் சொன்னபோது, தவாவில் போட்டுச் ‘சேக்’ செய்வதாகத்தான் சொன்னார். விடுதியில் செய்வதைச் சொன்னபோது ‘லால்’ ஆகும்வரை, அதாவது சிவக்கும்வரை, ‘தல்’ செய்வதாகச் சொன்னார். ஒரே மனிதர், ஒரே பனீர், இரண்டு வினைச்சொற்கள், இரண்டு விளைவுகள். “வீட்டில் ஏன் சிவக்க விடுவதில்லை?” என்று கேட்டேன். “வீட்டில் ஆறு பேர். கரண்டியை நான்தான் போடுகிறேன். இங்கே முந்நூறு பேர் கரண்டி போடுகிறார்கள். சிவக்கவிடாவிட்டால் கடைசியில் வருபவருக்குப் பனீர் கிடைக்காது, தூள்தான் கிடைக்கும்” என்றார்.

இந்தப் பதில் மனுவில் கையெழுத்திட்ட எவரும் கேட்டுப் பெறாத பதில். அவர் பனீரை அறியாமையால் கெடுக்கவில்லை. உடையாமல் இருக்க வேண்டும் என்ற தேவைக்காக மென்மையை விலையாகக் கொடுத்திருக்கிறார். ஆகவே கேட்க வேண்டிய வினா, முழுமையையும் மென்மையையும் ஒருசேரப் பெற வழியுண்டா என்பதுதான். உண்டு என்பது என் கருத்து. ஏனென்றால், துண்டை முழுதாக வைத்திருப்பது அதன் மேல்தோல். அந்தத் தோல் உருவாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். அதற்குமேல் பொரிப்பதால் தோல் தடிக்கிறதே தவிர, கூடுதலாகக் காப்பாற்றுவதில்லை.

அந்த அரை நிமிடத்தில் தோல் உருவாக வேண்டுமானால் துண்டு எண்ணெயைச் சந்திக்கும் நிலை சரியாக இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டுகளைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு, நடுப்பகுதி வரை குளிர் நீங்கவிட வேண்டும். பிறகு, அதைவிட முக்கியமாக, ஒரு துணியில் பரப்பி மேலீரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். மேலே நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். பரப்பின் சூடு நூறு பாகையைத் தாண்டாது. அதுவரை நிறமும் வராது, தோலும் வராது. நாம் நிறத்துக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் உள்ளே வலை இறுகிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பனீர்த் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அடியில் தங்காமல் உடனே மேலெழுந்து நுண்குமிழிகளால் சூழப்பட்டால் சரி. எண்ணெய் புகைந்தால் மீறிவிட்டது.

ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதுதான் விடுதிக்கு உயிர்நாடி. இரண்டு கிலோ ஈரப்பனீர் அந்தக் கடாயின் சூட்டை நொடியில் விழுங்கிவிடும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் கடாய்க்கு அரை கிலோதான் அளவு. போட்டபின்பும் எண்ணெயின் இரைச்சல் தாழாமல் தொடர்ந்தால் அளவு சரி. இரைச்சல் அடங்கிக் கொதிக்கும் ஒலி வந்தால் அளவு மிகுந்துவிட்டது. காதாலேயே இதைக் கண்டுகொள்ளலாம். விளிம்புகளில் மட்டும் வைக்கோல் நிறம் தெரிந்து, முகங்கள் இன்னும் வெண்மையாக இருக்கும்போதே ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும். பொன்னிறத்துக்குக் காத்திருப்பவர் ஒரு நிமிடம் தாமதித்தவர்.

அள்ளியதைத் துளைத் தட்டில் பரப்பக் கூடாது. சூடான துண்டிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அதற்கு உதவும். நேராக உப்பிட்ட வெந்நீரில் போட வேண்டும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. கொதிக்காத, விரலைத் தொட்டு எடுக்கும்படியான சூடு. பனீரில் இயல்பாக உப்பில்லை என்பதால், உப்பில்லாத நீரில் ஊறியது கிரேவியில் சப்பென்று தனித்து நிற்கும். பத்து முதல் இருபது நிமிடம் போதும். மூன்று மணி நேரம் ஊறவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் கிடக்கும் பால்பொருள் நுண்ணுயிர்களுக்கு விருந்து. தில்லியின் வெயிலில் அதைக் கொண்டு விளையாடக் கூடாது.

இனி உடைவதைப் பற்றி. பனீர் கிரேவியில் கரைந்து உடைவதாக நாம் நினைக்கிறோம். தக்காளியின் புளிப்பின்மீதும் சிலர் பழிபோடுகிறார்கள். அமிலத்தில் பிறந்த பொருள், தக்காளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உடைப்பது மூன்றே விசைகள்: கொதி, கரண்டி, துண்டுகளின் சொந்த எடை. தளதளவெனக் கொதிக்கும் கிரேவியில் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு தேய்கின்றன. வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரியும்வரை வதங்கி, பட்டாணி வெந்து, உப்பும் காரமும் பார்த்துத் திருத்தி, கெட்டியும் சரியாகிவிட்ட பின்னரே பனீர் உள்ளே போக வேண்டும். அதற்குமுன் தீயைக் குறைத்து, கொதி அடங்கி விளிம்பில் மட்டும் அசைவிருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சேர்த்து மூன்று நிமிடம். மூடி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம். மசாலா உள்ளே இறங்குவதற்குக் கொதி தேவையில்லை. சூடு தணியும் அந்தப் பத்து நிமிட ஓய்வே போதும். உள்ளே இறங்குவதும் நாம் கற்பனை செய்யும் அளவுக்கு ஆழமில்லை. ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் எப்போதும் வெள்ளைதான். இருபது நிமிடக் கொதி அந்த வெள்ளையை நிறம் மாற்றவில்லை, இறுக்கியதுதான் மிச்சம்.

கிளறுவதற்குக் குழிக்கரண்டி கூடாது. வீட்டில் என்றால் பாத்திரத்தின் இரு காதுகளையும் பிடித்துச் சுழற்றிவிட்டாலே போதும். விடுதியின் பாத்திரத்தை யாரும் தூக்கிச் சுழற்ற முடியாது. அங்கே தோசைத் திருப்பி போன்ற தட்டைக் கரண்டியை அடியோடு ஒட்டி நகர்த்தி, ஒரு பக்கத்திலிருந்து தூக்கிப் புரட்ட வேண்டும். எங்கள் இடத்தில் பெரும் சேதம் அடுப்பில் நடக்கவில்லை. பரிமாறும் இடத்தில்தான் நடக்கிறது. முழங்கை ஆழப் பாத்திரம். பனீர் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவுகிறோம். அடியில் கிடப்பவை மேலே உள்ளவற்றின் பாரத்தையும் சுமக்கின்றன. நான் உட்பட மனுதாரர்கள் எல்லோருக்கும் அந்தத் தூளில் பங்குண்டு. இரண்டு துண்டு உயரத்துக்குமேல் போகாத அகலத் தட்டில் பரப்பிவைத்தால் துழாவ வேண்டிய தேவையே எழாது.

சென்ற புதன்கிழமை சமையற்காரர் என் வேண்டுகோளுக்காக ஒரு கிலோவை மட்டும் தனியே பிரித்தார். ஆறேமுக்கால் மணிக்கு இரண்டு தடவையாக, ஒவ்வொன்றும் ஐம்பது நொடி, வெந்நீரில் கால் மணி நேரம், தனிப் பாத்திரத்தில் அதே கிரேவி, அகலத் தட்டு. மனுவை எழுதிய நண்பரையும், ‘பனீர் என்றால் கொஞ்சம் மென்று தின்னவேண்டும்’ என்ற கொள்கையுடைய பஞ்சாபித் தோழரையும் உட்கார வைத்தேன். முதலாமவர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, “இது வேறு கடைப் பனீரா?” என்று கேட்டார். சமையற்காரர் சிரிக்கவில்லை, கரண்டியால் பெரிய பாத்திரத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரே பாளம். இரண்டாமவர் தம் கொள்கையில் மாறவில்லை. பெரிய பாத்திரத்திலிருந்தே போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்குத் தட்டில் எஞ்சிய துண்டுகளை எண்ணினேன். பதினொன்றில் இரண்டு மட்டும் மூலை உடைந்திருந்தன.

பிறகு ஏன் பொரிக்கவே வேண்டும், பச்சையாகவே போட்டுவிடலாமே என்று ஒரு பேராசிரியர் கேட்டார். வீட்டில் நால்வருக்குச் செய்யும்போது நானும் அதையே சொல்வேன். நன்கு அழுத்திய பாளமாக இருந்தால், பச்சைத் துண்டை வெந்நீரில் காட்டிக் கடைசியில் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் மென்மையானது. ஆனால் முந்நூறு கரண்டிகளுக்கு நடுவே அது தாங்காது. அந்த மெல்லிய தோல் கூட்டத்துக்கான கவசம். கொழுப்பு குறைந்த பனீருக்கு இந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தாது. வலையின் கண்ணிகளுக்கிடையில் கொழுப்பு இல்லாததால் அது நாற்பது நொடியிலேயே இறுகத் தொடங்கும். அதைப் பொரிக்காமல் விடுவதே நல்லது. உறைநிலைப் பெட்டியில் கல்லாகக் கிடந்து இளகிய பனீர் எதற்கும் கட்டுப்படாது. பனிப்படிகங்கள் வலையை உள்ளேயே கிழித்திருக்கும். அது உதிரியாகச் செய்யும் புர்ஜிக்கு மட்டும் ஆகும்.

இப்போது மனுவின் கடைசிக் கோரிக்கைக்கு வருகிறேன். ஆறு கிலோவையும் ஏழு மணிக்குச் சற்று முன்பாகப் பொரிக்கலாமே, ஏன் மூன்று மணிக்கே பொரிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் அடுப்புகளைக் காட்டினார். பெரிய அடுப்பு மூன்று; ஒன்று பழுதாகி நெடுநாளாயிற்று. ஆறு மணிக்குமேல் ஒன்றில் பருப்பு, மற்றொன்றில் ரொட்டி. கடாய் ஏறுவதற்கு இடமே பிற்பகலில்தான். அன்று என் ஒரு கிலோவுக்காக ரொட்டியைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்தார். வரிசையில் நின்றவர்கள் அதற்கும் முணுமுணுத்தார்கள். அரை கிலோ வீதம் பன்னிரண்டு தடவை, எண்ணெய் மீண்டும் காய்வதற்கான இடைவெளியையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் ஓர் அடுப்பு முழுதாக வேண்டும். பொரித்ததைப் பொரித்த வரிசையிலேயே ஊறவைத்து எடுத்துத் தட்டுத்தட்டாகக் கிரேவியில் சேர்த்தால், கடைசியில் வருபவருக்கும் அப்போது ஊறியதே கிடைக்கும். ஒன்பதரை வரை தீயில் வைத்திருக்க வேண்டிய தேவையும் இராது.

ஆகவே கூலிப் பிடித்தம் கோரும் மனுவுக்குப் பதிலாக நான் உணவுக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றாவது அடுப்பைச் சரிசெய்வது, நான்கு அகலத் தட்டுகள் வாங்குவது, புதன்கிழமை மாலை ஆறே கால் முதல் ஏழு வரை கடாய்க்கு உதவியாக ஒருவரைக் கூடுதலாக அமர்த்துவது, கடையின் பனீரில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது. கடிதம் மனுவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. பேனா ஒன்றுதான், இரண்டுக்கும் அதையே பயன்படுத்தலாம். மனுவில் கையெழுத்திட்டவர்கள் அதை அடித்துவிட்டு இதில் இடுவதற்குத் தடையில்லை என்று மனுவை எழுதிய நண்பரே கீழே குறித்திருக்கிறார். குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது.